அரபி தெரியாதவர் இகாமாவில் எதை மூடுவது?

கேள்வி: என் கணவர் தம்மாமில் வேலை பார்க்கிறார். ஊரில் வீடு கட்ட லோன் கேட்டிருக்கிறோம், அவருடைய சவுதி வசிப்பு அட்டையான இகாமாவையும் ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் இங்கிலீஷில் மொழிபெயர்த்துக் கொண்டுவரச் சொல்கிறார்கள். ஸ்டேட்மென்ட்டில் மாதாமாதம் ஏதோ ஒரு பிடித்தம் வேறு வருகிறது, என்னவென்று அவருக்கும் புரியவில்லை. எங்கள் ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் அரபி தெரிந்தவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். நம்பரை மறைத்துவிட்டு போட்டோவை அதில் போடலாமா? எதையெல்லாம் மறைக்க வேண்டும்? எனக்கு அரபியில் ஒரு எழுத்தும் தெரியாது.
— வாசகி, ராமநாதபுரம் மாவட்டம்

பதில்: சகோதரி, நான் சென்னையில் அரபி ஆவணங்களை மொழிபெயர்த்துக் கொடுக்கும் தொழிலில் இருக்கிறேன். நம்பரை மறைத்து அனுப்புகிறேன் என்று சொல்லி எனக்கு வரும் படங்களில் பெரும்பாலும் ஒரே தவறுதான் இருக்கும், இங்கிலீஷ் எழுத்தில் உள்ள எண்ணை மூடியிருப்பார்கள், அதே எண் பக்கத்திலேயே அரபி இலக்கங்களில் பளிச்சென்று இருக்கும். மூடியவருக்கு அது எண் என்றே தெரிந்திருக்காது. உங்கள் கடிதத்தின் கடைசி வரியைப் படித்ததும் இதைத்தான் முதலில் விளக்க வேண்டும் என்று நினைத்தேன்.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். ஸ்டேட்மென்ட்டை மொழிபெயர்க்கவே தேவையில்லாமல் போகலாம். சவுதி வங்கிகளின் ஆப்பில் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், பெரும்பாலான வங்கிகளில் ஸ்டேட்மென்ட்டையும் ஆங்கிலத்திலேயே இறக்கிக்கொள்ள முடியும். உங்கள் கணவரிடம் முதலில் அதை முயன்று பார்க்கச் சொல்லுங்கள். லோன் தரும் வங்கிக்கு அந்த ஆங்கில ஸ்டேட்மென்ட் போதுமா, முத்திரை வேண்டுமா என்று கேட்டுவிட்டால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும், ஆறு மாத வரவு செலவை அந்நியர் ஒருவருக்குக் காட்ட வேண்டிய அவசியமும் இல்லை. அப்புறம் மிஞ்சுவது இரண்டுதான். ஒன்று, அந்தப் பிடித்தம் என்னவென்று தெரிந்துகொள்வது. இன்னொன்று, இகாமாவின் மொழிபெயர்ப்பு. முதலாவதை மூடிய படத்தை வைத்துக் குரூப்பில் கேட்கலாம். இரண்டாவதைக் குரூப்பில் கேட்கவே கூடாது, காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

இகாமா எண் வெளியே போனால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் பணத்தை எடுத்துவிட முடியாது. ஐபான் எண்ணும் அப்படித்தான், அடிப்படையில் அது பணம் போடுவதற்கான முகவரி. ஆனால் சவுதி அரசின் இணைய சேவையான அப்ஷரில் நுழையவும், அடையாளத்தைச் சரிபார்க்கும் ஆப்பான நஃபாத்தில் நுழையவும் பயனர் பெயர் இருக்கும் இடத்தில் இகாமா எண்ணைத்தான் கொடுக்கிறோம். அத்துடன் பெயர், கைபேசி எண், வேலைக்கு எடுத்த கபீலின் பெயர், கடைசியாக ஏறிய சம்பளம் இவையும் சேர்ந்து ஒருவன் கையில் கிடைத்தால், பேங்கிலிருந்து பேசுகிறேன், உங்கள் ஏடிஎம் கார்டு முடங்கிவிட்டது, இப்போது வரும் ஓடிபி-யைச் சொல்லுங்கள் என்று அவன் பேசும்போது நம்பாமல் இருப்பது கஷ்டம். இவ்வளவும் சரியாகச் சொல்கிறவன் பேங்க் ஆளாகத்தான் இருப்பான் என்று தோன்றும். நஃபாத்தில் ஒரு எண்ணைத் தொடச் சொல்வதும் இதே வகைதான். ஆகவே ஒரு படத்தில் இந்த விவரங்களில் இரண்டோ மூன்றோ ஒன்றாகச் சேர்ந்து வராமல் பார்த்துக்கொள்வதுதான் மறைப்பதன் நோக்கம்.

இனி அரபி இலக்கங்கள். அரபி படிக்கத் தெரிய வேண்டியதில்லை, பத்து வடிவங்களைக் கண்ணில் பதித்துக்கொண்டால் போதும். ஒன்று ஒரு நேர்கோடு. ஐந்து ஒரு சின்ன வட்டம், நம் கண்ணுக்கு அது பூஜ்யம் போலத் தெரியும். உண்மையான பூஜ்யம் வெறும் புள்ளி. ஆறு நம்முடைய 7 போல இருக்கும். ஏழு ஆங்கில வி எழுத்து, எட்டு அதையே தலைகீழாகக் கவிழ்த்தது. ஒன்பது நம் 9 போலவேதான். இரண்டும் மூன்றும் மேலே கொக்கி வைத்த கோடுகள், மூன்றுக்கு ஒரு வளைவு அதிகம். நான்கு, நம் 3-ஐத் திருப்பிப் போட்ட மாதிரி. இவ்வளவுதான். இதில் மிக அதிகமாகத் தவறிப்போவது அந்தப் புள்ளி, அழுக்கோ அச்சுப் பிழையோ என்று விட்டுவிடுவார்கள். சவுதி கைபேசி எண் 05 என்று தொடங்கும் பத்து இலக்கம், அதனால் ஒரு புள்ளியும் அடுத்து ஒரு வட்டமும் வந்து தொடரும் பத்து இலக்கம் எங்கே கண்ணில் பட்டாலும் அது போன் நம்பர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. அரபி எழுத்து வலமிருந்து இடமாகப் போகும், எண்கள் அப்படிப் போகாது, நம்முடையது போல இடமிருந்து வலம்தான். கடைசி நான்கு இலக்கத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதை மூடலாம் என்று நினைப்பவர்கள், அரபிதானே, கடைசி என்றால் இடப்பக்கம்தான் இருக்கும் என்று கணக்குப் போட்டு முதல் நான்கைக் காட்டிவிடுகிறார்கள். உங்கள் விஷயத்தில் நான்கைக் காட்ட வேண்டிய தேவையே இல்லை, முழுவதையும் மூடிவிடுங்கள்.

வார்த்தை புரியாததால் வடிவத்தை வைத்தே முடிவு செய்யுங்கள். சாய்கோடோ இடைக்கோடோ இல்லாமல் தொடர்ச்சியாக ஆறு இலக்கத்துக்கு மேல் போகும் எதுவானாலும் மூடுங்கள், அது என்ன எண் என்று யோசிக்கவே வேண்டாம். இகாமா எண் பத்து இலக்கம், இரண்டில் தொடங்கும். கபீல் அல்லது கம்பெனிக்கான எண்ணும் கார்டில் இன்னொரு நீள எண்ணாக இருக்கலாம், அதையும் மூட வேண்டும். சாய்கோட்டோடு வருபவை தேதிகள், அவற்றில் வருஷத்தைப் பாருங்கள். கார்டில் ஹிஜ்ரி வருஷம் வரலாம். 1985-ல் பிறந்தவருக்கு அது 1405 அல்லது 1406 என்று இருக்கும், கார்டு முடியும் தேதி அச்சாகியிருந்தால் அதில் வருஷம் இதைவிடப் பல பத்தாண்டு பிந்தியதாக வரும். பழைய வருஷம் உள்ளது பிறந்த தேதி, அதை மூடுங்கள். காலாவதித் தேதியை விட்டுவிடலாம், அதை வைத்து யாரும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. கியூஆர், பார்கோடு எது இருந்தாலும் ஓரம் தெரியாமல் முழுவதும் மூடுங்கள், பக்கத்தில் அச்சாகியிருப்பதை நீங்கள் கவனமாக மறைத்தாலும் அதே விவரம் அந்தக் கட்டத்துக்குள் இருக்கலாம், ஒரு போனைக் காட்டினால் படித்துவிடும். புகைப்படத்தையும் மூடிவிடுங்கள், மொழிபெயர்ப்பவருக்கு முகத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஸ்டேட்மென்ட்டில் கொஞ்சம் அதிகமாகக் கண் வைக்க வேண்டும். தலைப்பில் கணக்கு எண்ணை மூடிவிட்டு அடுத்த வரியில் ஐபானை விட்டுவிடுவது வழக்கம். சவுதி ஐபான் 24 எழுத்து: முதலில் SA, அடுத்து இரண்டு சரிபார்ப்பு இலக்கம், அடுத்து வங்கிக்கு இரண்டு, மீதி 18-ம் கணக்கு எண்தான், முன்னால் பூஜ்யங்களை நிரப்பி எழுதியிருப்பார்கள். ஐபான் தெரிந்தால் கணக்கு எண் தெரிந்த மாதிரியே. நடுவில் இரண்டு இலக்கத்தை மட்டும் மறைத்தால் போதாதா என்று கேட்டால், போதாது. அந்தச் சரிபார்ப்பு இலக்கங்கள் மொத்த எண்ணையும் 97-ஆல் வகுத்துப் போடப்படுபவை. இரண்டு இலக்கம் மறைந்திருந்தால் 00 முதல் 99 வரை நூறு வாய்ப்புதான், ஒவ்வொன்றையும் வைத்து வகுத்துப் பார்த்தால் அநேகமாக ஒன்றுதான் பொருந்தும், தவறினால் இரண்டு. சின்ன கம்ப்யூட்டர் கணக்குக்கு நொடி நேர வேலை.

இந்தத் தலைப்பு பெரும்பாலும் பக்கத்துக்குப் பக்கம் திரும்ப வரும். முதல் பக்கத்தில் கவனமாக மூடிவிட்டு நாலாம் பக்கத்தில் அப்படியே விட்டுவிடாதீர்கள், அடிக்குறிப்பையும் பாருங்கள்.

அப்புறம் விவரம் என்ற நீளமான பத்தி இருக்கிறதே, அங்கேதான் நிறைய ஒளிந்திருக்கும். உங்கள் கணவர் மாதாமாதம் ஊருக்கு அனுப்பும் வரியில் உங்கள் பெயரும் இந்தியக் கணக்கு எண்ணும் இருக்கலாம். போக்குவரத்து அபராதம் போன்ற அரசுக் கட்டணங்களைக் கட்டிய வரியில் இகாமா எண்ணே இருக்கலாம். சம்பள வரியில் கம்பெனியின் பெயரும் தொகையும் சேர்ந்து வரும். தலைப்பை மட்டும் மூடினால் இதெல்லாம் வெளியே நிற்கும். உங்களுக்குத் தெரிய வேண்டியது அந்தப் பிடித்தம் என்ன என்பதுதானே, அதற்கு முழுப் பக்கம் எதற்கு? பத்தித் தலைப்புகள் உள்ள ஒரு வரி, பிடித்தம் வந்திருக்கும் இரண்டு மூன்று வரிகள், இவ்வளவு தெரிந்தால் அரபி தெரிந்த யாரும் சொல்லிவிடுவார்கள். அந்த வரிகளிலும் வலது இடது ஓரங்களில் நிற்கும் மீதித் தொகையையும் குறிப்பு எண்ணையும் மூடிவிடுங்கள், தேதியும் விவரமும் பிடித்த தொகையும் மட்டும் நிற்கட்டும். வங்கி சேவைக் கட்டணமா, கடன் தவணையா, கார்டு கட்டணமா என்று அதில் எழுதியிருக்கும்.

மறைக்கும் முறைக்கு வருவோம். இகாமா கையில் உள்ள கார்டு என்பதால் போன் ஆப் எதுவும் வேண்டாம். கல்யாணப் பத்திரிகை அட்டை மாதிரி கெட்டியான ஒன்றைச் சின்னப் பட்டைகளாக வெட்டி, மூட வேண்டிய இடங்களின் மேல் வைத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். மெல்லிய வெள்ளைத் தாள் வேண்டாம், வெளிச்சத்தில் அடியில் உள்ள எழுத்து நிழலாடும். ஒவ்வொரு பட்டையிலும் 1, 2, 3 என்று எழுதி வையுங்கள். மொழிபெயர்ப்பவர் அந்த இடத்தில் 1, 2 என்றே போட்டுத் தருவார், எந்த எண் எங்கே வர வேண்டும் என்ற குழப்பம் இருக்காது. இப்படி எடுத்த படத்தில் மறைந்த எழுத்து எந்த ரூபத்திலும் இல்லை, யார் என்ன செய்தாலும் திரும்ப எடுக்க முடியாது. இதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரிந்து இல்லை. ஒன்று மட்டும், ஐபோனில் லைவ் போட்டோ என்பதை அணைத்துவிட்டு எடுக்கச் சொல்லுங்கள், அது படத்துக்கு முன்னும் பின்னும் ஓரிரு நொடி அசைவைச் சேர்த்துப் பதியும், பட்டை சரியாக வைக்கும் முன் உள்ள காட்சி அதில் மாட்டிக்கொள்ளலாம்.

ஸ்டேட்மென்ட் பிடிஎஃப் ஆக இருப்பதால் அது போனில்தான் நடக்க வேண்டும். பிரிண்ட் எடுக்கலாம் என்று ஜெராக்ஸ் கடை வாட்ஸ்அப் நம்பருக்கு முழு ஃபைலையும் அனுப்பிவிடாதீர்கள், மறைக்கத் தொடங்கும் முன்பே அது இன்னொரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்துவிடும். தேவையான வரிகள் தெரியும்படி பெரிதாக்கி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். போனின் எடிட் பகுதியில் நிறம் நிரப்பிய கட்டத்தைத் தேர்ந்தெடுத்து மூட வேண்டியதை மூடுங்கள். பேனாவால் கிறுக்குவது வேண்டாம், குறிப்பாக ஹைலைட்டர் போன்ற பட்டையான பேனா. கறுப்பு நிறத்தில் நாலு தடவை தேய்த்தால் நம் கண்ணுக்கு முழுக் கறுப்பாகத்தான் தெரியும், ஆனால் அந்த மை கொஞ்சம் ஒளி ஊடுருவக்கூடியது, வெளிச்சத்தையும் கான்ட்ராஸ்ட்டையும் ஏற்றினால் அடியில் உள்ள எண் மங்கலாக எழுந்து வரும். நீங்களே ஒரு படத்தில் செய்து பாருங்கள், பார்த்தபின் அந்தப் பேனாவைத் தொட மாட்டீர்கள்.

மங்கலாக்குவதும் சதுரம் சதுரமாக உடைப்பதும் எண்களுக்கு ஆகாது. முகத்துக்கு அது ஓரளவு சரி. எண் என்றால் அந்த இடத்தில் இருக்கக்கூடியது பத்து வடிவங்களில் ஒன்றுதான், எழுத்துரு என்ன என்பது மூடாத வரிகளிலேயே தெரிகிறது. பத்தையும் அதே மாதிரி மங்கலாக்கி எது ஒத்துப்போகிறது என்று பார்த்தால் போதும்.

மூடி முடித்ததும் அந்தப் படத்தை அப்படியே அனுப்பாமல், திரையில் வைத்து இன்னொரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதை அனுப்புங்கள். பல போன்களில் நாம் செய்யும் திருத்தம் மூலப் படத்தின் மேல் ஒரு அடுக்காக மட்டும் நிற்கும், பழைய நிலைக்குத் திருப்பு என்று ஒரு பொத்தானும் இருக்கும். ஓரத்தை வெட்டுவதையும் முழுதாக நம்பாதீர்கள். 2023 மார்ச்சில் கூகுள் பிக்சல் போன்களில் வெளிவந்த கோளாறில், வெட்டி எறிந்த பகுதியின் பெரும்பகுதி ஃபைலுக்குள்ளேயே இருந்தது, வெளியே எடுக்கவும் முடிந்தது. விண்டோஸின் ஸ்கிரீன்ஷாட் கருவியிலும் அதே போல ஒன்று அதே மாதம் தெரியவந்தது. இரண்டையும் சரிசெய்துவிட்டார்கள், ஆனாலும் முதலில் மூடி, பிறகு வெட்டி, பிறகு புது ஸ்கிரீன்ஷாட் என்ற வரிசையில் போனால் எந்தக் கோளாறும் உங்களைத் தொடாது.

பிடிஎஃப் மேலேயே கறுப்புக் கட்டம் போட்டு அனுப்பவே அனுப்பாதீர்கள். அந்தக் கட்டம் எழுத்தின் மேல் போர்த்திய துணி மாதிரி, அடியில் எழுத்து அப்படியே இருக்கிறது, தேர்ந்தெடுத்து நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டினால் வந்துவிடும். 2019 ஜனவரியில் அமெரிக்காவில் டிரம்பின் முன்னாள் தேர்தல் பிரச்சார மேலாளர் பால் மனஃபோர்ட் வழக்கில் அவருடைய வக்கீல்களே நீதிமன்றத்தில் இப்படி மறைத்துக் கொடுத்த ஆவணத்தைப் பத்திரிகைக்காரர்கள் இந்த எளிய வழியில் படித்துவிட்டார்கள். சில வங்கிகளின் பிடிஎஃப் ஃபைல் பெயரிலேயே கணக்கு எண் இருக்கும், அது இன்னொரு தொல்லை. ஸ்கிரீன்ஷாட்டில் இந்த இரண்டு பிரச்சினையும் இல்லை.

அனுப்பும்போது போட்டோவாக அனுப்புங்கள், டாகுமென்ட்டாக வேண்டாம். தெளிவாக இருக்கட்டும் என்று நாங்களே டாகுமென்ட்டாக அனுப்பச் சொல்வதுண்டு, அப்படி அனுப்பினால் கேமரா படம் எடுத்த இடம் உட்பட எல்லாக் குறிப்பும் கூடவே போகும். போட்டோவாகப் போனால் வாட்ஸ்அப் அதையெல்லாம் நீக்கிவிடும், எச்டி என்று தேர்ந்தெடுத்தால் படிக்கிற அளவுக்குத் தெளிவும் இருக்கும். அனுப்புவதற்கு முன் படத்தை நன்றாகப் பெரிதாக்கி ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலை வரை நகர்த்திப் பாருங்கள், புள்ளியும் வட்டமும் கோடுமாக நீளமாக ஏதாவது தப்பியிருந்தால் அப்போது கண்ணில் படும். ஸ்கிரீன்ஷாட்டின் மேல் விளிம்பில் ஏதாவது மெசேஜ் அறிவிப்பு விழுந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள், ஓடிபி அங்கே நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இகாமாவைக் குரூப்பில் கேட்கக் கூடாது என்றேன் அல்லவா. லோனுக்குக் கொடுக்கும் மொழிபெயர்ப்பில் மொழிபெயர்ப்பாளர் மூலத்தோடு ஒத்திருக்கிறது என்று கையெழுத்தும் முத்திரையும் போட வேண்டும். எண் மூடிய படத்தைப் பார்த்து யாரும் அப்படிப் போட முடியாது, போட்டாலும் வங்கியில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பெயரும் பிறந்த தேதியும் இகாமா எண்ணும் அதில் முழுதாக இருந்தாக வேண்டும், பெயரின் ஆங்கில எழுத்து பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். ஆகவே மூடிய படத்தை விலை கேட்கவும், எத்தனை நாள் ஆகும் என்று கேட்கவும் மட்டும் பயன்படுத்துங்கள். இலக்கங்கள் மறைந்திருப்பதால் கட்டணம் மாறாது, நாங்கள் பக்கத்தையோ வார்த்தையையோ வைத்துத்தான் சொல்கிறோம். மூடிய படம் போதாது, முழுசாக அனுப்பினால்தான் விலையே சொல்வேன் என்று ஒருவர் அடம்பிடித்தால் அவரிடம் கொடுக்காதீர்கள்.

ஆளை முடிவு செய்தபின், லோன் தரும் வங்கி எந்த மாதிரி மொழிபெயர்ப்பாளரின் முத்திரையை ஏற்கும் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, முழுக் கார்டையும் அந்த ஒருவருக்கு மட்டும் அனுப்புங்கள். அந்தப் பிரதியில் எழுத்து மறையாத காலி இடத்தில் ‘வீட்டுக் கடன் மொழிபெயர்ப்புக்கு மட்டும்’ என்று, தேதியையும் வாங்குபவர் பெயரையும் சேர்த்துக் குறுக்கே எழுதிவிடுங்கள், வேறு எங்காவது அதைக் கொண்டுபோய்ச் சிம் வாங்கவோ கணக்குத் திறக்கவோ கொடுத்தால் அந்த வரி காட்டிக்கொடுக்கும். வேலை முடிந்து கையெழுத்திட்ட தாள் கைக்கு வந்ததும் படத்தை அழிக்கச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம், ஒழுங்காகத் தொழில் செய்பவர்கள் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நீங்களும் ‘அனைவருக்கும் நீக்கு’ கொடுக்கலாம், ஆனால் அதற்குக் கால வரம்பு இருக்கிறது, இரண்டு நாளும் சில மணி நேரமும்தான், வேறு இடத்தில் சேமித்து வைத்ததை அது தொடாது. அதனால் அழித்துவிட்டேன் என்று அவர் வாயால் சொல்ல வைப்பதே மேல்.

குரூப்பில் ஏற்கெனவே முழுப் படம் போயிருந்தால் உடனே நீக்குங்கள், கணவரிடம் அவர் பேங்கில் கூப்பிட்டுச் சொல்லச் சொல்லுங்கள், அடுத்த சில வாரம் பேங்க் பெயரிலோ அரசு அலுவலகம் பெயரிலோ வரும் எந்த போனுக்கும் ஓடிபி சொல்லாமல் துண்டித்துவிட்டு, கார்டின் பின்னால் அச்சிட்டிருக்கும் நம்பருக்கு அவரே கூப்பிட்டுக் கேட்கட்டும். நஃபாத்தில் அவர் கேட்காமலே ஒரு கோரிக்கை வந்து நின்றால் அதை ஏற்கவே கூடாது. இகாமா எண்ணில் எத்தனை சிம் பதிவாகியிருக்கிறது என்று பார்க்கும் வசதியும் சவுதியில் உண்டு, அதையும் ஒரு முறை பார்த்துவிடச் சொல்லுங்கள்.